ஒன்றாக ஆறு வாரம் நடந்தோம்: எனக்கு 3.9 கிலோ, அவளுக்கு 600 கிராம்

புதாற்றங்கரை | 5 மார்ச் 2023, காலை 7.40

நேராகக் கேள்விக்கு வருகிறேன். எனக்கு வயது 42, உயரம் 172 செ.மீ., தொடங்கியபோது எடை 84 கிலோ. மனைவிக்கு 39, 155 செ.மீ., 66 கிலோ. டிசம்பரில் எனக்கு மூன்று மாதச் சர்க்கரை 6.0 வந்தது. மருத்துவர் "இப்போதே நடங்கள்" என்றார். அவளுடைய அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு என்பதால், சேர்ந்தே செய்வோம் என்று முடிவெடுத்தோம்.

ஜனவரி கடைசியில் ஆரம்பித்தோம். வாரம் ஐந்து நாள் புது ஆற்றங்கரையில் 40 நிமிட நடை. சாப்பாட்டுக்கு இணையத்தில் கிடைத்த 1700 கலோரி அட்டவணை ஒன்றை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இருவருக்கும் அதே இட்லிக் கணக்கு, அதே சாதக் கணக்கு. ஞாயிறு காலை எடை பார்த்து அதே தாளில் எழுதுவோம். இன்று ஆறாவது ஞாயிறு. நான் 3.9 கிலோ இறங்கியிருக்கிறேன், அவள் 600 கிராம்.

அவள் ஏமாற்றிச் சாப்பிடுகிறாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அக்கறை போதவில்லை என்று தோன்றுகிறது. நடையிலும் பின்தங்கிவிடுவாள், ஒவ்வொரு மதகிலும் நான் நின்று காத்திருக்கிறேன். இன்று எடை பார்த்த பிறகு "நாளையிலிருந்து நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டாள். எப்படி ஊக்கப்படுத்துவது?

சிக்ஸ்பேக்_கனவு | 5 மார்ச், காலை 8.15

அண்ணா, பெண்களுக்கு மெட்டபாலிசம் ஸ்லோ. முதலில் தைராய்டு பாருங்கள், 90 சதவீதம் அதுதான். தைராய்டு இல்லையென்றால் 1000 கலோரிக்கு இறக்குங்கள், தானாகக் குறையும்.

அப்புறம் கிலோவில் பார்க்காதீர்கள், சதவீதத்தில் பாருங்கள். எங்கள் ஜிம்மில் அப்படித்தான் போட்டி வைப்பார்கள்.

டிரெட்மில்_மாமா | 5 மார்ச், காலை 9.02

ஆற்றங்கரையெல்லாம் எதற்கு? வீட்டில் ஒரு டிரெட்மில் போடுங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, நல்ல கண்டிஷன், மோட்டார் புதுசு. தஞ்சாவூர் என்றால் கொண்டுவந்தே தருவேன்.

கேழ்வரகு | 5 மார்ச், இரவு 9.30

பதினெட்டு வருடமாக மருத்துவமனை டயட் பிரிவில் இருக்கிறேன். இந்தத் தாளை மாதத்துக்கு நான்கு தம்பதிகளாவது என் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள், பெரும்பாலும் கோபத்தோடு.

புதாற்றங்கரை சார், நீங்கள் தந்த எண்களையே போட்டுப் பார்ப்போம். எடை, உயரம், வயது மூன்றையும் வைத்துக் கணக்கிட்டால், சும்மா படுத்திருக்கவே உங்கள் உடம்புக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1710 கலோரி தேவை. உங்கள் மனைவிக்கு 1270. உட்கார்ந்த வேலையும் கொஞ்சம் நடையும் சேர்ந்தால் உங்களுக்கு 2400, அவருக்கு 1780 என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது இருவருக்கும் 1700 கலோரி சாப்பாடு. உங்களுக்கு ஒரு நாளைக்கு 700 பற்றாக்குறை. அவருக்கு 80. எண்பது என்றால் சின்ன டம்ளர் காபி, சர்க்கரையோடு.

ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7700 கலோரி. 42 நாளில் நீங்கள் 3.8 கிலோ, அவர் 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல் குறைந்திருக்க வேண்டும். உங்கள் தாளில் இருப்பது 3.9, 600 கிராம். அதாவது அவர் அட்டவணையை உங்களைவிட ஒரு நூல் ஒழுங்காகவே கடைப்பிடித்திருக்கிறார். அக்கறை போதவில்லை என்று நீங்கள் சொன்னது இந்த எண்ணைப் பார்த்து என்றால், எண் நேர்மாறாகச் சொல்கிறது.

தம்பி சிக்ஸ்பேக்குக்கு: தைராய்டு பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் இங்கே அது தேவைப்படவே இல்லை. உயரமும் எடையும் தசையும் குறைவு, அதனால் செலவும் குறைவு. "ஸ்லோ" என்று ஒன்றும் இல்லை. சின்ன வண்டிக்குப் பெட்ரோல் குறைவாகத்தான் பிடிக்கும். 1000 கலோரி என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். அதில் புரதம் போதாது, தசை கரையும், முடி கொட்டும், மூன்றாவது வாரம் ஒரு நாள் ராத்திரி மொத்தமும் உடைந்துவிடும். அந்த ராத்திரிக்கு அப்புறம் அவர்கள் என்னிடம் வருவதில்லை, அதுதான் என் கவலை.

புதாற்றங்கரை | 5 மார்ச், இரவு 10.50

இந்தக் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். வங்கியில் வேலை, கணக்கு என் பிழைப்பு. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே அட்டவணை போட்டதில் என்ன தப்பு என்று ஆறு வாரமாக எனக்குத் தோன்றவே இல்லை. "சமமாக இருக்கட்டும்" என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், காலையில் விட்டுவிட்டேன். நாலாவது வாரம் அவளுக்கு எடை 700 கிராம் ஏறியிருந்தது. அப்போது "ராத்திரி தயிர்சாதம் எத்தனை கரண்டி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

கேழ்வரகு | 6 மார்ச், காலை 6.20

நாலாவது வாரம் என்றால் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களா என்று பாருங்கள். அந்த நாட்களில் உடம்பில் நீர் நின்று ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட ஏறும், பிறகு தானே இறங்கிவிடும். வாரத்துக்கு 70 கிராம் இறங்குகிறவருக்கு ஒரு கிலோ நீர் வந்தால் தராசு ஒரு மாதத்துக்குப் பொய்தான் சொல்லும். அவர் எடை பார்த்தே ஆகவேண்டும் என்றால், போன மாதம் இதே நாளில் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிடட்டும்.

உங்களுக்கும் ஒன்று. முதல் வாரம் வேகமாக இறங்கியிருப்பீர்கள். அதில் பாதி நீர். கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

நைட்ஷிப்ட் | 6 மார்ச், காலை 10.40

எங்கள் வீட்டில் தலைகீழ். நான்தான் குறைந்தேன், அவருக்குத் தொப்பை அப்படியே. நான் ஞாயிறு ஞாயிறு எடையைச் சத்தமாக வாசிப்பேன், அவர் என்னை "ஒல்லிக்குச்சி" என்பார், நான் அவரை "பானை" என்பேன். நாலு வருடமாக ஓடுகிறது, ஒருத்தர் மனமும் புண்படவில்லை. எல்லாவற்றையும் அவமானம் என்று எடுத்துக்கொண்டால் வீட்டில் பேசவே முடியாது.

கேழ்வரகு | 6 மார்ச், மதியம் 1.15

உங்கள் கணவர் இந்தத் தளத்தில் இருக்கிறாரா?

நைட்ஷிப்ட் | 6 மார்ச், மதியம் 1.22

இல்லை. ஏன்?

…சரி, புரிகிறது. ராத்திரி கேட்கிறேன்.

பழைய_பிடி_மாஸ்டர் | 6 மார்ச், மாலை 5.10

சாப்பாட்டைக் கேழ்வரகு அம்மா பார்த்துக்கொண்டார்கள். நான் நடையைப் பற்றிச் சொல்கிறேன். முப்பத்தோரு வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவன்.

மதகுக்கு மதகு நின்று காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிறுத்தத்தில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். உங்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. உங்கள் வீட்டு அம்மா வந்து சேர்ந்ததும் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அவருக்கு ஓய்வே இல்லை. 40 நிமிடத்தில் அதிகம் உழைத்தவர் பின்னால் வந்தவர்தான். பள்ளியில் பசங்களை இப்படித்தான் பாழாக்கினோம், முன்னால் ஓடுகிறவனுக்குத் தண்ணீர், பின்னால் வருகிறவனுக்குத் திட்டு.

வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நீங்கள் பாடிக்கொண்டு போகிற வேகத்தில் அவருக்கு வாய் திறக்கவே மூச்சு இருக்காது. ஒரே வேகத்தில் இரண்டு பேர் நடந்தால் ஒருவருக்கு அது உலா, இன்னொருவருக்கு ஓட்டப்பந்தயம்.

இப்படிச் செய்யுங்கள். இருவரும் ஒரே இடத்தில் கிளம்புங்கள், அவரவர் வேகத்தில் போங்கள். 20 நிமிடம் ஆனதும் எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்புங்கள். வேகம் மாறாமல் வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்வீர்கள். யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. திரும்பும்போது அம்மா முன்னால் போவார், நீங்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவீர்கள்.

சிக்ஸ்பேக்_கனவு | 6 மார்ச், மாலை 5.48

சார், அது எப்படி? அண்ணா வேகமாக வருகிறார், பாதியிலேயே பிடித்துவிடுவாரே. 10 நிமிடத்தில் அக்காவைத் தாண்டிவிடுவார்.

பழைய_பிடி_மாஸ்டர் | 6 மார்ச், மாலை 6.30

தாளும் பேனாவும் எடு. அவர் மணிக்கு 6 கி.மீ., அம்மா 4.8 என்று வை. 20 நிமிடத்தில் அவர் 2 கி.மீ., அம்மா 1.6. திரும்பும்போது அம்மா 400 மீட்டர் முன்னால் இருக்கிறார். அவர் ஒரு நிமிடத்துக்கு 100 மீட்டர், அம்மா 80. ஆகவே நிமிடத்துக்கு 20 மீட்டர் நெருங்குவார். 400 மீட்டரை நெருங்க எத்தனை நிமிடம்?

சிக்ஸ்பேக்_கனவு | 6 மார்ச், மாலை 6.33

20. சரி சார்.

புதாற்றங்கரை | 12 மார்ச், காலை 8.30

மாஸ்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். வரவில்லை என்றவள், "நீங்க எனக்காக நிக்கமாட்டீங்கன்னா வர்றேன்" என்றாள். இது எனக்குக் கொஞ்சம் உறைத்தது. நிற்பதை நான் ஒரு உபகாரமாக நினைத்திருந்தேன்.

இன்று செய்து பார்த்தோம். சரியாக வரவில்லை. திரும்பி 12 நிமிடத்திலேயே அவளைப் பிடித்துவிட்டேன். நீ மெதுவாகிவிட்டாய் என்றேன். நீங்கள்தான் பிடிக்க வேண்டும் என்று ஓடி வந்தீர்கள் என்றாள். வீடு வரை அதே பேச்சு. இப்போது இட்லித் தட்டு சத்தம் பலமாகக் கேட்கிறது.

பழைய_பிடி_மாஸ்டர் | 12 மார்ச், காலை 9.15

இரண்டுமே இருக்கலாம். அவர் 4.8-லிருந்து 4-க்கு இறங்கினாலும் 12 நிமிடம்தான் வரும். நீங்கள் 6-லிருந்து 6.8-க்கு ஏறினாலும் அதே 12 நிமிடம். சந்தித்த இடத்தை வைத்து யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்க முடியாது. அது நல்லதுதான்.

கண்டுபிடிக்க ஒரே வழி, அவரவர் திரும்பிய இடத்தை அவரவர் குறித்துக்கொள்வது. மரமோ கல்லோ ஏதோ ஒன்று. அங்கிருந்து கிளம்பிய இடத்துக்கு 20 நிமிடத்தில் வர முடியவில்லை என்றால் போகும்போது அதிக வேகம் போனீர்கள் என்று அர்த்தம். 18 நிமிடத்தில் வந்துவிட்டால் போகும்போது சோம்பலாகப் போனீர்கள், அல்லது வரும்போது யாரையோ துரத்தினீர்கள். தன் மரத்தோடு மட்டும் கணக்கு. அடுத்தவர் மரம் எங்கே என்று கேட்கக்கூடாது.

புதாற்றங்கரை | 12 மார்ச், காலை 9.40

18-ஐ விடக் குறைவு சார், என் கணக்குப்படி. துரத்தினேன் என்று அவளிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

நைட்ஷிப்ட் | 12 மார்ச், இரவு 11.05

நான் ஒன்று கேட்கிறேன், யாரும் கேட்கவில்லை. விடியற்காலை ஆற்றங்கரையில் ஒரு பெண் 400 மீட்டர் தள்ளித் தனியாக நடப்பாளா? நாய் இருக்கும், பைக்கில் வந்து சங்கிலி அறுக்கிறவன் இருப்பான். மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, கூடவே நடக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். மாஸ்டர் சாருக்கு மைதானத்தில் காம்பவுண்டுச் சுவர் இருந்திருக்கும்.

பழைய_பிடி_மாஸ்டர் | 13 மார்ச், காலை 5.50

சரியான கேள்வி, நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் 20 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடத்தில் திரும்புங்கள், அதை இரண்டு முறை செய்யுங்கள். மொத்தம் அதே 40 நிமிடம்தான். இடைவெளி அதிகபட்சம் 200 மீட்டர், அதுவும் திரும்புகிற ஒரு நொடியில் மட்டும். நேரான கரையில் 200 மீட்டர் கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டால் கேட்கும். நடுவில் ஒரு தரம் கிளம்பிய இடத்தில் சந்திப்பதால் தண்ணீர் குடிக்கலாம். வெளிச்சம் வந்த பிறகு போங்கள், நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

நைட்ஷிப்ட் | 13 மார்ச், காலை 6.02

ம். இது சரி.

அவரிடம் கேட்டேன், கேழ்வரகு அக்கா. "பானை என்றால் கோபம் வருமா" என்று. "அதெல்லாம் இல்ல" என்றார். பிறகு பத்து நிமிடம் கழித்து, "உன் அண்ணன் முன்னாடி மட்டும் சொல்லாத" என்றார். நாலு வருடம் கழித்துத் தெரிகிறது.

புதாற்றங்கரை | 19 மார்ச், காலை 9.00

இதை எழுதுவது அவர் இல்லை, அவருடைய மனைவி. அவர் ஐடியிலிருந்துதான் எழுதுகிறேன். பாஸ்வேர்டு எங்கள் கல்யாண நாள், அந்த வகையில் சந்தோஷம்.

முழுதும் படித்தேன். கேழ்வரகு மேடத்துக்கு நன்றி. நான் ஏமாற்றவில்லை என்று ஒரு எண் சொன்னது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் அவர் இங்கே எழுதாத ஒன்று உண்டு. 600 கிராம் என்னைப் புண்படுத்தவில்லை. ஐந்தாவது வாரம் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம். பந்தியில் எனக்குப் பால்பாயசம் வைக்க வந்தவரிடம் "அவளுக்கு வேண்டாம், டயட்" என்று இவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் என் இலையைப் பார்த்தார்கள். அவர் இலையில் பாயசம் இருந்தது.

நானும் சும்மா இல்லை, அதையும் எழுதுகிறேன். "மாசமா இருக்கீங்களா" என்று பிள்ளைகள் முன்னால் அவர் வயிற்றைத் தட்டுவேன். சின்னவன் இப்போது அதையே சொல்கிறான்.

ஃபிரிட்ஜில் இருந்த தாளை எடுத்துவிட்டேன். தராசைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவர் எடையை அவர் பார்த்துக்கொள்ளட்டும். என் எடையை அவரிடம் சொல்லப்போவதில்லை.

சிக்ஸ்பேக்_கனவு | 19 மார்ச், காலை 9.20

அக்கா, சொல்லாவிட்டால் பொறுப்பு எப்படி வரும்? யாராவது கேட்டால்தானே செய்வோம். ஜிம்மில் அதற்குத்தான் பார்ட்னர்.

கேழ்வரகு | 19 மார்ச், மதியம் 2.40

கேட்பதில் தப்பில்லை. எதைக் கேட்கிறோம் என்பதுதான். எடை என்பது விளைவு, அது அவர் கையில் முழுதாக இல்லை, மேலே பார்த்தோம். "இந்த வாரம் எத்தனை நாள் நடந்தாய்?" என்பது கையில் இருக்கிற விஷயம். அதைக் கேட்டால் பதில் சொல்லலாம், பொய்யும் தேவைப்படாது. என்னிடம் வருபவர்களிடம் தட்டைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் பேசாதீர்கள், காலண்டரைப் பற்றிப் பேசுங்கள் என்பேன். எல்லோரும் கேட்பதில்லை.

எடை குறையாவிட்டால் நடந்து என்ன பயன் என்று அம்மாவுக்குத் தோன்றலாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் பார்த்தார்கள். சாதாரண அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லித் தரப்பட்ட பிரிவில் 39 சதவீதம். அந்தப் பிரிவில் எடை கணிசமாகக் குறையவில்லை. குறையாமலேயே இவ்வளவு பேர் தப்பித்தார்கள். நம் ஊர் ஆட்கள், நம் ஊர் சாப்பாடு. தராசு கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும் அம்மா, நீங்கள் நடந்துகொண்டிருங்கள்.

அட்டவணை மட்டும் மாற்ற வேண்டும். அவர் 1900 சாப்பிடட்டும், 1700-இலேயே இருந்தால் அவருக்குப் பசி எரிச்சல் வரும், பாயசத்தில் போய் முடியும். நீங்கள் 1450 முதல் 1500. உங்களுக்கு மாதத்துக்கு ஒரு கிலோ அளவில் இறங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கணக்கைத் தட்டில் செய்வதைவிடச் சமைக்கும்போது செய்வது நல்லது. ஒரே குழம்பு, ஒரே பொரியல், பருப்பும் முட்டையும் இருவருக்கும் ஒரே அளவு. வித்தியாசம் சாதத்திலும் எண்ணெயிலும் மட்டும். அவரவர் சாதத்தை அவரவர் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் யாருக்கும் பரிமாற வேண்டாம். தைராய்டுக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர்கள் என் எண்களை அப்படியே எடுக்கக்கூடாது, மருத்துவரைக் கேளுங்கள்.

புதாற்றங்கரை | 19 மார்ச், இரவு 10.15

நான்தான். பாஸ்வேர்டை மாற்றவில்லை.

பாயசம் நடந்தது உண்மை. எனக்கு அது நினைவிலேயே இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. அவளுக்குப் பக்கத்து இலைக்காரர்கள் யார் யார் என்றுகூட நினைவிருக்கிறது.

பரிமாறாதே என்பது எங்கள் வீட்டில் லேசான விஷயம் இல்லை. அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். மருமகள் சாதம் போடாமல் நான் எழுந்து எடுத்துக்கொண்டதைப் பார்த்து "சண்டையா?" என்று கேட்டார்கள். டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிட்டேன். கேழ்வரகு மேடம், உங்களுக்குப் பதவி உயர்வு.

டிரெட்மில்_மாமா | 20 மார்ச், காலை 7.10

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் டிரெட்மில் இன்னும் வசதி, அவர்களும் நடக்கலாம்.

பழைய_பிடி_மாஸ்டர் | 2 ஏப்ரல், மாலை 6.00

என்ன ஆயிற்று?

புதாற்றங்கரை | 2 ஏப்ரல், இரவு 8.45

10 நிமிடத் திருப்பம் நன்றாகப் போகிறது. முதல் வாரம் நடுச் சந்திப்பில் நான் சீக்கிரம் வந்து நிற்பேன். அவள் வரும்போது நான் கடிகாரம் பார்க்கிறேன் என்று சொன்னாள். பார்க்கவில்லை, கையில் வாட்ச் இருக்கிறது, பழக்கத்தில் மணிக்கட்டு திரும்புகிறது. இப்போது வாட்சை வீட்டில் வைத்துவிட்டு இருவரும் போனில் 10 நிமிட அலாரம் வைத்துக்கொள்கிறோம். ஒரே நொடியில் இரண்டு போனும் அடிக்கும். காலை நடைக்கு வரும் பெரியவர் ஒருவர், "ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல மாத்திரையா?" என்றார்.

முன்பு சேர்ந்து நடந்தபோது பேச்சே இருக்காது, அவளுக்கு மூச்சு இருக்காது. இப்போது தனித்தனியாக நடக்கிறோம், வீட்டுக்குத் திரும்பும் எட்டு நிமிடத்தில் பேசுகிறோம்.

தோற்றதையும் சொல்ல வேண்டும். மார்ச் கடைசி என்பதால் வங்கியில் வேலை அதிகம், நாலு நாள் நான் போகவில்லை. அவள் மட்டும் பக்கத்து வீட்டுக்காரியோடு போனாள். நான் தூங்கி எழுந்தபோது அவள் குளித்துவிட்டு நிற்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலே தேவலை போல இருந்தது.

நைட்ஷிப்ட் | 3 ஏப்ரல், காலை 11.30

அந்த ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் ஒரு குத்துதான். அதற்கு "பானை" பரவாயில்லை.

புதாற்றங்கரை | 3 ஏப்ரல், இரவு 9.10

(மனைவி.) குத்து இல்லை. எனக்கு உண்மையிலேயே சொல்ல ஒன்றும் இல்லை. அவர் ராத்திரி பதினொன்றரைக்கு வந்தார். ஆனால் அவர் அப்படி எடுத்துக்கொள்கிறார் என்றால் நான் என்ன செய்வது? இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

கேழ்வரகு | 3 ஏப்ரல், இரவு 9.50

இதற்கு எனக்கு வழி தெரியவில்லை. நான் சாப்பாட்டுக்காரி. என் வீட்டில் நானும் அவரும் தனித்தனி நேரத்தில் நடக்கிறோம், பதினெட்டு வருட அனுபவம் அதற்குத்தான் உதவியது.

பழைய_பிடி_மாஸ்டர் | 4 ஏப்ரல், காலை 6.15

முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள்: "நாளை வருகிறேன்" அல்லது "நாளை இல்லை". காலையில் எழுப்பவும் வேண்டாம், எழுப்பாமல் விட்டதற்கு அர்த்தம் தேடவும் வேண்டாம். இது மௌனத்தைத் தீர்க்காது. காலை ஐந்தரை மணிப் பிரச்சினையை மட்டும் தீர்க்கும்.

புதாற்றங்கரை | 21 மே, காலை 8.50

வெயில். ஐந்தரைக்கே கிளம்புகிறோம், ஆறரைக்குள் வீடு. வாரத்தில் இரண்டு நாள் நடைக்குப் பதில் வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. இது மாஸ்டர் தனிச்செய்தியில் சொன்னது. இதில் அவள் என்னைவிட நன்றாகச் செய்கிறாள். நாற்காலியில் கை ஊன்றாமல் பதினைந்து தரம் எழுகிறாள். எனக்குப் பதினொன்றில் முட்டி பேசுகிறது. இதை நான் இங்கே எழுதுவது அவளுக்குத் தெரியும், அவளே எழுதச் சொன்னாள்.

மாம்பழம் பற்றி யாரும் கேட்க வேண்டாம். வீட்டில் ஒப்பந்தம் இருக்கிறது.

மூன்று மாதச் சர்க்கரை மறுபடி எடுத்தேன், 5.7. அவள் எடையை இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது சரியா, இது நைட்ஷிப்ட் சொன்ன மௌனம் மாதிரியா என்று தெரியவில்லை.

நைட்ஷிப்ட் | 21 மே, மதியம் 12.20

எங்கள் வீட்டில் இன்னும் சத்தமாகத்தான் வாசிக்கிறோம். அண்ணன் வந்தால் மட்டும் இல்லை.

பழைய_பிடி_மாஸ்டர் | 18 ஜூன், மாலை 5.30

மேட்டூர் 12-ஆம் தேதி திறந்தாயிற்று, புது ஆற்றில் தண்ணீர் வரும். கரையில் மண் ஈரமாக இருக்கும், பார்த்து நடங்கள். மரங்கள் எங்கே இருக்கின்றன?

புதாற்றங்கரை | 18 ஜூன், இரவு 9.00

அடுத்தவர் மரத்தைக் கேட்கக்கூடாது என்றது நீங்கள்தான் சார். ஆனால் முதுகைப் பார்த்துக்கொண்டு வருகிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்? மார்ச்சில் அவள் புங்கமரத்தில் திரும்புவாள். ஏப்ரல் கடைசியில் அதைத் தாண்டி ஒரு மின்கம்பம். இப்போது அதற்கும் அடுத்த கம்பம். என் மரம் மார்ச்சில் இருந்த அதே வேப்பமரம். அவளுக்கும் அது தெரிந்திருக்கும், திரும்பும்போது இப்போதெல்லாம் நான் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை.

டிரெட்மில் மாமா, அம்மா கேட்கிறார்கள். என்ன விலை?